சூர்யகுமார் பிடித்த அந்த கேட்ச்: டிவி நமக்கு எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை?

2024 ஜூன் 29. பார்படாஸ் தீவின் பிரிட்ஜ்டவுனில் டி20 உலகக்கோப்பை இறுதிப்போட்டி. நம்ம ஊரில் இரவு 11 மணி தாண்டிவிட்டது. கடைசி ஓவர். தென்னாப்பிரிக்காவுக்கு 6 பந்தில் 16 ரன் வேண்டும். ஹர்திக் பாண்டியா வீசிய ஃபுல் டாஸை டேவிட் மில்லர் நேராகத் தூக்கி அடித்தார். பார்த்த எல்லோருக்கும் அது சிக்ஸ்தான்.

லாங் ஆஃப் திசையில் ஓடிவந்த சூர்யகுமார் யாதவ், எல்லைக்கோட்டுக்கு உள்ளே பந்தைப் பிடித்தார். ஓடிவந்த வேகத்தில் நிற்க முடியவில்லை. பந்தை மேலே தூக்கிப் போட்டுவிட்டு எல்லையைத் தாண்டினார், திரும்ப உள்ளே வந்தார், விழும் பந்தைப் பிடித்தார். மூன்றாவது நடுவர் ரிச்சர்ட் கெட்டில்பரோ ரீப்ளே பார்த்து அவுட் கொடுத்தார். இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. அது சிக்ஸாக இருந்திருந்தால்? மில்லர் கிரீஸில் இருக்க, 5 பந்தில் 10 ரன் என்று கணக்கு மாறியிருக்கும்.

அன்று இரவே சண்டை ஆரம்பித்துவிட்டது. "கால் குஷனில் பட்டுச்சு" என்று ஒரு கிளிப். "படவே இல்லை, கிளீன் கேட்ச்" என்று இன்னொரு கிளிப். "எல்லைக் குஷனையே தள்ளி வெச்சிருக்காங்க" என்று மூன்றாவது. ஒரே கேட்ச், பல கேமரா, ஆளுக்கு ஒரு முடிவு. இது எப்படி நடக்கிறது? ஒரு பந்து மைதானத்தில் இருந்து நம் செல்போனுக்கு வரும் வழியைப் பார்த்தால் புரியும்.

எந்த கேமரா எங்கே இருக்கும்?

பெரிய கிரிக்கெட் போட்டிகளில் 30 கேமராக்கள் வரை இருக்கும். எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. நாம் அதிகம் பார்ப்பது பந்துவீச்சாளருக்குப் பின்னால், உயரத்தில் இருக்கும் கேமராவை. ஓவர் முடிந்ததும் பந்து மறுமுனையில் இருந்து வீசப்படும் என்பதால் இரண்டு முனைகளிலும் இது இருக்கும். அதனால்தான் எந்த ஓவரிலும் பேட்ஸ்மேன் நம்மைப் பார்த்து நிற்பதுபோலவே தெரிகிறது. மைதானத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

அதன் பக்கத்திலேயே பந்தை மட்டும் துரத்தும் கேமரா ஒன்று இருக்கும். மொத்தக் குழுவிலும் கஷ்டமான வேலை இந்த ஆபரேட்டருடையதுதான். வானத்தில் போகும் வெள்ளைப் பந்தை, ஸூம் செய்தபடியே, எங்கே விழும் என்று முன்கூட்டியே கணித்துத் திருப்ப வேண்டும். அரை நொடி தடுமாறினால் பந்து திரையிலேயே இருக்காது.

ரன் அவுட்டுக்கு என்று கிரீஸுக்கு நேராக, பக்கவாட்டில் அசையாமல் பூட்டி வைத்த கேமராக்கள் உண்டு. பேட்ஸ்மேன் முகம், பயிற்சியாளர் முகம், கேலரியில் அழும் ரசிகை என்று முகங்களைத் தேடுவதற்கே சில கேமராக்கள். எல்லைக்கோட்டுக்கு அருகே தோளில் தூக்கிச் சுற்றுபவர்களும் இருப்பார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான். கிரீஸ் எங்கே இருக்கிறது என்று முன்பே தெரியும், அதனால் அங்கே கேமராவைப் பூட்டி வைக்கலாம். ஆனால் எல்லைக்கோடு மைதானத்தைச் சுற்றி ஓடுகிறது. கேட்ச் அதில் எந்த இடத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கேமரா வைக்க முடியாது. எனவே ரன் அவுட்டுக்குச் சரியான கோணம் கிட்டத்தட்ட உறுதி. எல்லைக்கோட்டு கேட்சுக்கு அது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வேனுக்குள் ஓடும் 40 நொடி

மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஒளிபரப்பு வேன் அல்லது கட்டுப்பாட்டு அறையில் ஒரு சுவர் முழுக்கத் திரைகள் இருக்கும். இயக்குநர் எல்லா கேமராவையும் ஒரே நேரத்தில் பார்த்து, "இப்போ ரெண்டு, இப்போ ஏழு" என்று எண்ணைச் சொல்லிக்கொண்டே இருப்பார். சொன்ன நொடியில் படம் மாறும்.

அவருக்குப் பக்கத்தில் இன்னொரு குழு. இவர்கள் நேரலையைப் பார்ப்பதில்லை, நடந்து முடிந்ததைப் பார்க்கிறார்கள். கேமராக்கள் எடுப்பதெல்லாம் ஒரு சர்வரில் தொடர்ந்து பதிவாகும். பெல்ஜியம் நாட்டு ஈவிஎஸ் நிறுவனத்தின் மெஷின்கள் இந்த வேலையில் அவ்வளவு பிரபலம் என்பதால், மெஷினுக்கு மட்டுமல்ல, அதை இயக்குபவருக்கும் "ஈவிஎஸ்" என்றே பெயர். ஒவ்வொரு ஆபரேட்டர் பொறுப்பிலும் சில கேமராக்கள் இருக்கும். பந்து முடிந்ததும் அவர் பதிவைப் பின்னால் ஓட்டி, சரியான இடத்தில் நிறுத்தி, "என்கிட்ட நல்ல ஷாட் இருக்கு" என்று குரல் கொடுப்பார். ரீப்ளே பொறுப்பாளர் அதில் இரண்டோ மூன்றோ தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்துவார்.

இதற்குக் கிடைக்கும் நேரம், டி20 போட்டியில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே சுமார் 30 முதல் 40 நொடி. அதிலும் முதல் சில நொடிகள் ரீப்ளேவுக்குக் கிடைக்காது. விக்கெட் விழுந்தால் முதலில் பந்துவீச்சாளரின் கொண்டாட்டம், அப்புறம் அவுட்டானவரின் முகம், அப்புறம் டக் அவுட். உணர்ச்சி ஆறுவதற்குள் அதைக் காட்டிவிட வேண்டும், ரீப்ளே எங்கேயும் ஓடிப்போகாது என்பது இந்தத் தொழிலில் எழுதப்படாத விதி. எனவே பத்து கோணம் பதிவாகியிருந்தாலும் நமக்கு வருவது இரண்டு, மூன்றுதான். மீதி சர்வரிலேயே கிடக்கும். சில இடைவேளையில் வரும், சில மறுநாள் ஹைலைட்ஸில் வரும். "புது ஆங்கிள் வெளியானது" என்று பிறகு பரவும் வீடியோக்களில் சில இப்படிப்பட்டவை, சில கேலரியில் ரசிகர்கள் எடுத்தவை. எதையும் யாரும் ஒளித்து வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நேரம் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு ஃபிரேமில் 14 சென்டிமீட்டர்

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், சின்ன கணக்குதான்.

சாதாரண கேமரா நொடிக்கு 50 படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 0.02 நொடி. முழு வேகத்தில் ஓடும் வீரர் நொடிக்கு சுமார் 7 மீட்டர் போவார். பெருக்கிப் பாருங்க: ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அவர் 14 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். அந்த 14 சென்டிமீட்டருக்குள் என்ன நடந்தது என்று அந்த கேமராவுக்குத் தெரியாது.

நம் நெஞ்சில் தைத்த உதாரணம் ஒன்று உண்டு. 2019 ஜூலை 10, ஓல்டு டிராஃபோர்டு அரையிறுதி. மார்ட்டின் கப்டில் எறிந்த நேரடி த்ரோவில் தோனி ரன் அவுட். அந்த இரண்டு அங்குலத்துக்கு டைவ் அடித்திருக்கலாமே என்று தோனியே பின்னர் ஒரு பேட்டியில் வருத்தப்பட்டார். இரண்டு அங்குலம் என்றால் சுமார் 5 சென்டிமீட்டர். நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில் இந்த 5 சென்டிமீட்டர் இரண்டு படங்களுக்கு நடுவே காணாமல் போகலாம்: ஒரு படத்தில் பெயில்ஸ் அசையவில்லை, பேட் வெளியே, அடுத்த படத்தில் பெயில்ஸ் பறந்துவிட்டது, பேட் உள்ளே. அதனால்தான் இந்த வேலைக்கு அதிவேக கேமராக்கள் வந்தன. நொடிக்கு 300 படம் எடுத்தால் இடைவெளி இரண்டரை சென்டிமீட்டருக்கும் கீழே வந்துவிடும். அசைந்ததும் ஒளிரும் பெயில்ஸும் இதே சிக்கலுக்கான விடைதான்.

சூர்யகுமார் கேட்சுக்கும் இதே கணக்கு பொருந்துமா? பாதி பொருந்தும். ஓடும்போது ஒரு பாதம் தரையில் ஊன்றியிருக்கும் நேரம் குறைந்தது 0.1 நொடி இருக்கும். அதாவது 5 படம். முழுதாகக் குஷனை மிதித்திருந்தால் எந்த கேமராவும் தவறவிடாது. ஆனால் ஷூ ஓரம் லேசாக உரசினால் அது தனிக்கதை.

அதிவேகப் பதிவுக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. மெதுவாக ஓட்டும்போது வேகம் என்ற விஷயமே காணாமல் போகிறது. எல்லாமே நிதானமாக, யோசித்துச் செய்தது மாதிரி தெரியும். கால்பந்தின் விஏஆர் நடைமுறையில் இதற்கு என்றே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். எங்கே பட்டது, பந்து கையில் பட்டதா என்று பார்க்க ஸ்லோ மோஷன் பயன்படுத்தலாம். எவ்வளவு பலமாக மோதினார் என்று பார்க்க வேண்டுமானால் சாதாரண வேகத்தில்தான் பார்க்க வேண்டும்.

கால் பட்டதா? லென்ஸ் செய்யும் குழப்பம்

அந்த கேட்சில் நிஜமான கேள்வி மூன்று. முதலில் பிடித்துத் தூக்கிப் போடும்போது கால் எல்லைக்கு உள்ளே இருந்ததா? பந்து கையில் இருந்த எந்த நேரத்திலாவது கால் குஷனைத் தொட்டதா? இரண்டாவது முறை பிடிக்கும்போது முழுதாக உள்ளே வந்துவிட்டாரா? நடுவில், பந்து காற்றில் இருந்தபோது, அவர் வெளியே கால் வைத்தது தப்பே இல்லை.

மூன்று கேள்விக்கும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும்: கை, கால். தூரத்து கேமராவில் இரண்டும் தெரியும், ஆனால் ஷூ கடுகு அளவு இருக்கும். ஸூம் செய்தால் ஷூ தெளிவாகத் தெரியும், ஆனால் கையும் பந்தும் திரைக்கு வெளியே போய்விடும்.

இதைவிடப் பெரிய குழப்பம் லென்ஸில் இருக்கிறது. மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் இருந்து ஸூம் செய்து எடுக்கும்போது, முன்னும் பின்னும் இருக்கும் பொருட்கள் ஒன்றோடொன்று ஒட்டியதுபோலத் தெரியும். நெடுஞ்சாலையில் தூரத்து வாகனங்களை ஸூம் செய்து போட்டோ எடுத்துப் பாருங்க, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதுபோல இருக்கும். அதே கதைதான். ஷூவுக்கும் குஷனுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருந்தாலும், நேர் எதிரே இருந்து எடுத்த படத்தில் ஷூ குஷனைத் தொடுவதுபோலத் தெரியலாம். இடைவெளியைக் காண, குஷன் ஓடும் திசையிலேயே, அதன் நீளவாக்கில் பார்க்கும் கேமரா வேண்டும். அது எல்லா இடத்திலும் இருக்காது என்று மேலே பார்த்தோம்.

அப்படி ஒரு கோணம் கிடைக்காதபோது நடுவர்கள் வேறு தடயம் தேடுவார்கள். முக்கியமானது, குஷன் அசைந்ததா என்பது. காற்றடைத்தது போன்ற அந்த முக்கோணக் குஷன் கனம் குறைவானது, ஷூ பட்டால் லேசாகவாவது ஆடும். அடுத்து, ஷூவுக்கு அடியில் புல் தெரிகிறதா என்பது. வைரலாகும் கிளிப்பில் நீங்களே சோதிக்க விரும்பினால் இந்த இரண்டையும் பாருங்க. ஆனால் ஒன்று: வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த கிளிப் ஒவ்வொரு முறையும் சுருக்கப்படுகிறது. அதில் குஷன் "அசைவது" சில நேரம் வெறும் படக் கலங்கலாகவே இருக்கும்.

மூன்றாவது நடுவர் யார் கண்ணால் பார்க்கிறார்?

மூன்றாவது நடுவருக்குத் தனி கேமரா கிடையாது. அவர் பார்ப்பதும் ஒளிபரப்புக்குழு எடுத்த படங்களைத்தான். பல வருடமாக, "அடுத்த கோணம் காட்டுங்க" என்று அவர் கேட்டால், ஒளிபரப்பு இயக்குநர் வழியாகத்தான் படம் வந்தது. அதே இயக்குநர்தான் வீட்டில் இருக்கும் நமக்கும் படம் காட்டிக்கொண்டிருப்பார்.

2024 ஐபிஎல்லில் இதை மாற்றி, ஸ்மார்ட் ரீப்ளே முறை கொண்டுவந்தார்கள். மைதானத்தைச் சுற்றி ஹாக் ஐ நிறுவனத்தின் எட்டு அதிவேக கேமராக்கள். அவற்றை இயக்கும் இருவர் மூன்றாவது நடுவரின் அறையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். இடையில் இயக்குநர் இல்லை. இதன் முக்கிய லாபமே எல்லைக்கோட்டு கேட்ச்தான். திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கால், மறு பக்கம் கை, இரண்டும் ஒரே நொடியில் ஓடும்படி காட்டலாம். முன்பு அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பொருத்திப் பார்க்க வழி இல்லை.

உலகக்கோப்பை இறுதிப்போட்டி முடிவின் மீது வந்த விமர்சனமும் இந்த இடத்தில்தான். கெட்டில்பரோ முடிவு தவறு என்பதைவிட, "இவ்வளவு பெரிய தருணத்தில் இன்னும் சில கோணம் பார்த்திருக்கக் கூடாதா?" என்பதே பலரின் ஆதங்கம். என் கருத்தில் அது நியாயமான கேள்வி. அதேசமயம் தென்னாப்பிரிக்காவின் முன்னாள் கேப்டன் ஷான் பொல்லாக்கே கேட்ச் சரியானதுதான், சூர்யகுமார் குஷனை மிதிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

வர்ணனையாளர் நேரில் பார்க்கிறாரா?

ரீப்ளே பிறந்த அன்றே வர்ணனையாளரின் வேலை மாறிவிட்டது. 1963 டிசம்பர் 7-ல் அமெரிக்காவில் ராணுவ அணியும் கடற்படை அணியும் மோதிய அமெரிக்கன் ஃபுட்பால் போட்டியில், டோனி வெர்னா என்ற இயக்குநர் ஒரு டச் டவுனை உடனே மறுபடி ஓட்டிக் காட்டினார். அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்திராத மக்கள் குழம்பிவிடக் கூடாதே என்று, "இது நேரலை இல்லை, ராணுவ அணி மறுபடி ஸ்கோர் செய்யவில்லை" என்ற விளக்கத்தை வர்ணனையாளர் லிண்ட்சே நெல்சன் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையை, ரீப்ளேவுக்கு முன்னும் பின்னும் திரையைக் கடந்து பறக்கும் லோகோ செய்கிறது.

பொதுவாக வர்ணனையில் இருவர் இருப்பார்கள். பந்து ஓடும்வரை ஒருவர் பேசுவார், ரீப்ளே வந்ததும் முன்னாள் வீரரான இன்னொருவர் விளக்குவார். எந்த ரீப்ளே வரப்போகிறது என்று காதில் குரல் வந்துகொண்டே இருக்கும். படம் சொல்லாத ஒன்றைச் சேர்க்க முடிந்தால் மட்டும் பேசு என்பது ரிச்சி பெனோ கடைப்பிடித்த பாடம். நம்ம ஊர் வர்ணனையில் அந்த மௌனம் கொஞ்சம் அபூர்வம்தான், அதற்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

மைதானத்தில் இருக்கும் வர்ணனையாளர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கலாம். ஃபீல்டர் எங்கே நகர்ந்தார், டக் அவுட்டில் என்ன சலசலப்பு என்று திரையில் இல்லாததையும் சொல்லலாம். ஆனால் தமிழ் உட்பட மாநில மொழி வர்ணனைகள் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஸ்டுடியோவில் திரையைப் பார்த்தே செய்யப்படுகின்றன. அங்கே இருப்பவருக்குத் தெரிவது நமக்குத் தெரிவதைவிடக் கொஞ்சமே அதிகம். "கிளீனா பிடிச்சிட்டாரு!" என்று அவர் கத்தும்போது சாட்சி சொல்வதுபோல ஒலிக்கிறது. உண்மையில் அவரும் நம்மைப்போலவே அதே ரீப்ளேவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வர்ணனையின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எந்தக் கேள்வியோடு ரீப்ளேவைப் பார்க்க வேண்டும் என்று அது முடிவு செய்கிறது. "காலைப் பாருங்க" என்றால் எல்லோரும் ஷூவைப் பார்ப்போம். குஷன் எந்த இடத்தில் கிடக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டோம்.

அந்த வெள்ளைக் கோடு

மூன்றாவது கிளிப்பின் கதை அதுதான். ரீப்ளேவை நிறுத்திப் பார்த்தவர்கள், குஷனுக்கு உள்பக்கம் புல்லில் வெளிறிய கோடு ஒன்று இருப்பதைக் கவனித்தார்கள். குஷன் முன்பு அங்கே இருந்திருக்க வேண்டும், அப்படியானால் சூர்யகுமார் நின்ற இடம் எல்லைக்கு வெளியே என்பது வாதம்.

இதற்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. ஒரு மைதானத்தில் பல பிட்ச்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எந்த பிட்ச்சில் ஆடுகிறார்களோ, அதன் நடுவில் இருந்துதான் எல்லை அளக்கப்படும். பிட்ச் மாறினால் குஷனும் மாறும், பழைய இடத்தில் வெளிறிய புல் தங்கிவிடும். எனவே கோடு இருப்பது மட்டுமே தப்புக்கு ஆதாரம் ஆகாது. போட்டியின்போது குஷன் நகர்ந்திருந்தால் அதற்கும் விதி இருக்கிறது: எல்லை, குஷன் முதலில் இருந்த இடத்திலேயே இருப்பதாகக் கொள்ள வேண்டும், குஷனை முடிந்தவரை சீக்கிரம் திருப்பி வைக்க வேண்டும். அது எந்த இடம் என்று ஒரு ரீப்ளேவை வைத்துச் சொல்ல முடியாது. பந்து வருவதற்கு முன் குஷன் எங்கே கிடந்தது என்ற படம் வேண்டும்.

2025-ல் முன்னாள் வீரர் அம்பத்தி ராயுடு ஒரு பாட்காஸ்ட்டில் இன்னொரு விவரம் சொன்னார். கேட்ச் கிளீன் என்றுதான் அவரும் சொல்கிறார். ஆனால் இடைவேளையில் வர்ணனையாளர்கள் பேசுவதற்காக அங்கே நாற்காலியும் திரையும் போட்டார்கள், அதற்காக எல்லையைப் பின்னால் தள்ளினார்கள், பிறகு அப்படியே விட்டுவிட்டார்கள் என்பது அவர் சொன்னது. இது அவருடைய கூற்று மட்டுமே. உண்மையா என்று வீட்டில் இருந்து பார்த்த யாராலும் சரிபார்க்க முடியாது. இடைவேளையில் திரையில் ஓடுவது விளம்பரமும் ஸ்டுடியோ அரட்டையும்தான், குஷனை யாரும் காட்டுவதில்லை.